ஐந்து கிலோமீட்டரிலிருந்து மாரத்தான் வரை



கல்லூரி மாணவர் ஒருவர் 5 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்றை 22 நிமிடங்களில் ஓடி முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் சில மாதங்களில் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொள்ள அவர் விரும்புகிறார். மாரத்தானின் தூரம் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஆகும். அதனை எவ்வளவு நேரத்தில் ஓடி முடிக்கலாம் என்பது அவருடைய கேள்வி. வெறும் ஆவலினால் எழுந்த கேள்வி அன்று இது. முதல் கிலோமீட்டரை எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை இதன் விடையைக் கொண்டுதான் அவர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில் பிழை நேர்ந்தால், கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் அவருடைய கால்கள் அதற்குரிய தண்டனையைப் பெறும்.

தொடக்கப் பள்ளியில் கற்ற விகிதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாரத்தான் தூரம் 5 கிலோமீட்டரைப் போல 8.439 மடங்கு. ஆகவே நேரமும் 8.439 மடங்கு என்று கொண்டால், 3 மணி 5 நிமிடம் 39 வினாடி என்ற விடை கிடைக்கிறது. இவ்விடை தவறானது என்பதைக் கணிதம் அறியாதவரும் சொல்லிவிடுவார். எவரும் 5 கிலோமீட்டர் ஓடும் வேகத்திலேயே மாரத்தானை ஓட முடியாது. தூரம் கூடக் கூட வேகம் குறைகிறது. எவ்வளவு குறைகிறது, அக்குறைவில் ஏதேனும் ஒழுங்கு உண்டா என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

இந்த ஒழுங்கைத் தேடியவர்களுள் முன்னோடியானவர் ஆர்தர் எட்வின் கென்னலி என்னும் மின்பொறியியல் அறிஞர். 1861ஆம் ஆண்டில் பம்பாய் நகரின் கொலாபாப் பகுதியில் பிறந்தவர். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். வானொலிக்கும் இவருக்கும் நெருங்கிய உறவு உண்டு. வானின் மேற்பகுதியில் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் அடுக்கு ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1902இல் சொன்னவர்களுள் இவரும் ஒருவர். இரவு வேளையில் தொலைதூர நிலையங்களின் பேச்சு நம் காதுக்கு எட்டுவது அத்தகைய அடுக்குகளின் தயவினால்தான். அதே கென்னலி 1906இல், பந்தயங்களில் ஓடும் குதிரைகள், மனிதர்கள் ஆகியோரின் சாதனை நேரங்களையெல்லாம் தொகுத்து, களைப்பின் விதி ஒன்றை வெளியிட்டார். நேரமானது தூரத்தின் எட்டில் ஒன்பது அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்பது அவ்விதி. எட்டில் ஒன்பது என்றால் 1.125.

அடுக்கு என்னும் சொல்லைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. அடுக்கெண் 1 ஆனால், தூரம் இரட்டித்தால் நேரமும் சரியாக இரட்டிக்கும். களைப்பே இல்லாத உலகம் அது. அடுக்கெண் 1ஐ விடச் சற்றுப் பெரிதானால், தூரம் இரட்டிக்கும்போது நேரம் இரு மடங்கை விடச் சற்று மிகுதியாகும். அந்த மிகுதியே களைப்பின் அளவு.

கென்னலிக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின், பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதே வழியில் நடந்தார். அவரும் ஓடியவர், பந்தயத் தடங்களைப் பிழையின்றி அளக்கும் கலையிலும் பெயர் பெற்றவர். 1977இல் ஓட்டக்காரர்களுக்கான பத்திரிகை ஒன்றில் அவர் ஒரு சூத்திரத்தை எழுதினார். 1981இல் விஞ்ஞான இதழ் ஒன்றில் அதனை விரிவாக விளக்கினார். இன்று உலகெங்கும் ஓட்டக்காரர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் இச்சூத்திரத்தையே.

T2 = T1 × (D2 / D1)^1.06

D1 என்பது ஓடி முடித்த தூரம். T1 அதற்கு எடுத்த நேரம். D2 இனி ஓடப் போகும் தூரம். T2 நாம் காண விரும்பும் நேரம். ஒட்டுமொத்தத்தில் சொன்னால், புதிய தூரத்தைப் பழைய தூரத்தால் வகுத்து, வரும் ஈவை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, அதனைப் பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவே.

நம் மாணவரின் கணக்கைப் போடுவோம். மடக்கை அட்டவணை வைத்திருப்பவர்கள் அதனை எடுத்துக்கொள்ளலாம். 42.195ஐ 5ஆல் வகுத்தால் 8.439. அதன் மடக்கை 0.9263. அதனை 1.06ஆல் பெருக்கினால் 0.9819. இதற்கு எதிர்மடக்கை காண, 9.591 கிடைக்கிறது. இவ்வெண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 5 கிலோமீட்டர் நேரம் எதுவாயினும் அதனை 9.591ஆல் பெருக்கினால் மாரத்தான் நேரம் வந்துவிடும். 22 நிமிடம் என்பது 1320 வினாடி. பெருக்கினால் 12,660 வினாடி, அதாவது 3 மணி 31 நிமிடம்.

மடக்கை அட்டவணை இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சூத்திரத்தின் உட்பொருளை அவ்வழி இன்னும் தெளிவாகக் காட்டுவதால், எனக்கு அதில்தான் விருப்பம் அதிகம். இரண்டை 0.06 அடுக்குக்கு உயர்த்தினால் 1.0425 வரும். இதன் பொருள் என்ன? தூரம் ஒருமுறை இரட்டிக்கும்போதெல்லாம், ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் நூற்றுக்கு நாலேகால் பங்கு கூடுகிறது என்பதே. நம் மாணவர் 5 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 24 வினாடியாக, அதாவது 264 வினாடியாக ஓடினார். 10 கிலோமீட்டருக்கு அது 275 வினாடி ஆகும். 20 கிலோமீட்டருக்கு 287. 40 கிலோமீட்டருக்கு 299. எஞ்சிய சிறு தூரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 300 வினாடி, அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம். மூன்றே படிகளில் மாரத்தானை அடைந்துவிட்டோம். 5இலிருந்து 40க்கு மூன்று இரட்டிப்புகள் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் இது பயன்படும்.

1.06 என்ற இந்த எண் எங்கிருந்து வந்தது? உடலின் இயக்கத்தை ஆராய்ந்து, கொள்கையளவில் வருவித்த எண் அன்று அது. சாதனை நேரங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்ததால் கிடைத்தது. இரு அச்சுகளும் மடக்கை அளவில் அமைந்த வரைதாளில், கிடையச்சில் தூரத்தையும் நிலையச்சில் நேரத்தையும் குறித்தால், புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழுகின்றன. அக்கோட்டின் சரிவே நம் அடுக்கெண். நீங்களும் இதனைச் சோதிக்கலாம். 5000 மீட்டரில் உகாண்டாவின் ஜோசுவா செப்டேகை 2020இல் நிலைநாட்டிய உலகச் சாதனை 12 நிமிடம் 35.36 வினாடி. மாரத்தானில் கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோ நகரில் ஓடிய நேரம் 2 மணி 0 நிமிடம் 35 வினாடி. இவ்விரண்டையும் இணைக்கும் கோட்டின் சரிவைக் கணக்கிட்டால் 1.059 வருகிறது. ரீகல் தம் சூத்திரத்தை எழுதி நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஓடிய ஓட்டமும் அவர் கோட்டிலிருந்து விலகவில்லை.

இந்தப் பொருத்தம் கண்டு வியக்கலாம். ஆனால் அதில் ஒரு பொறி மறைந்திருக்கிறது. செப்டேகை ஒருவர், கிப்டம் மற்றொருவர். ஒவ்வொரு தூரத்திற்கும் உலகம் முழுவதிலிருந்தும் அத்தூரத்திற்கென்றே பிறந்து, அத்தூரத்திற்கென்றே பல்லாண்டுகள் பயின்ற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய நேரங்களைக் கோட்டால் இணைத்திருக்கிறோம். நம் மாணவரோ இரண்டு தூரங்களையும் ஒரே உடலைக் கொண்டு ஓட வேண்டியவர். 5 கிலோமீட்டருக்குப் பயின்ற கால்களோடு மாரத்தானுக்குச் செல்கிறவர். உலகச் சாதனையாளர்களின் சரிவு அவருக்கும் பொருந்தும் என்று யார் உறுதி கூறுவது?

சரிவு சற்று மாறினால் விடை எவ்வளவு மாறும் என்று பாருங்கள். அடுக்கெண் 1.06 என்றால் 3 மணி 31 நிமிடம். 1.08 என்றால் 3 மணி 40 நிமிடம். 1.10 என்றால் 3 மணி 50 நிமிடம். கென்னலியின் 1.125ஐ எடுத்துக்கொண்டால் 4 மணி 2 நிமிடம். நூற்றில் ஒரு பங்கு என்று சொல்லத்தக்க சிறு மாற்றம், 0.01 அளவு, மாரத்தானில் நாலரை நிமிடத்தை விழுங்கிவிடுகிறது. கென்னலி குதிரைகளையும் மனிதர்களையும், குறுகிய ஓட்டங்களையும் நெடிய ஓட்டங்களையும் ஒரே விதியில் அடக்க முயன்றவர். ஆகவே அவர் எண்ணை நாம் இங்கே அப்படியே கொள்ள வேண்டியதில்லை. எனினும் 1.06 என்பது கல்லில் பொறித்த எண் அன்று என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

2016இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ், எமிலி வெர்டோசிக் என்னும் இரு ஆய்வாளர்கள், பொழுதுபோக்காக ஓடும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பந்தய நேரங்களைத் திரட்டி இச்சூத்திரத்தைச் சோதித்தனர். அரை மாரத்தான் வரையில் சூத்திரம் நன்றாகவே பொருந்தியது. மாரத்தானில்தான் அது தடுமாறியது. ஓடியவர்களில் பாதிப் பேருக்கு, சூத்திரம் சொன்ன நேரம் உண்மையில் ஓடிய நேரத்தை விடப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ குறைவாக இருந்தது. பிழை இரு பக்கமும் சமமாகச் சிதறியிருந்தால் அதனைத் தற்செயல் எனலாம். ஆனால் அது ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆகவே அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அக்காரணத்தை உடலின் எரிபொருட் கணக்கில் காணலாம். ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஓர் உணவுக் கலோரி செலவாகிறது. நம் மாணவரின் எடை 60 கிலோகிராம் என்று கொண்டால், 5 கிலோமீட்டருக்கு 300 கலோரி போதும். மாரத்தானுக்கோ 2500 கலோரிக்கு மேல் வேண்டும். விரைவாக ஓடும்போது தசைகள் பெரிதும் நாடும் எரிபொருள் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள். தசைகளிலும் ஈரலிலும் சேர்த்து, அதில் இருப்பது சுமார் 2000 கலோரி அளவே. மீதியைக் கொழுப்பு ஈடு செய்ய வேண்டும். கொழுப்பு உடலில் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது மெதுவாகவே எரிகிறது. வேகம் கூடினால் மாவுப்பொருளின் பங்கு கூடும்; நீண்ட தூரம் ஓடிப் பழகிய உடல் கொழுப்பின் பங்கைக் கூட்டிக்கொள்ளும்.

இப்போது சூத்திரத்தின் குறை எங்கே என்பது விளங்கும். 5 கிலோமீட்டர் பந்தயம் இதயத்தையும் நுரையீரலையும் சோதிக்கிறது. சேமிப்புக் கிடங்கைச் சோதிப்பதேயில்லை. 300 கலோரி செலவழிப்பவருக்குக் கிடங்கு 1500 ஆனால் என்ன, 2000 ஆனால் என்ன? நூறு ரூபாய் செலவை மட்டும் பார்த்து ஒருவரின் வங்கிக் கணக்கை அளவிட முடியாதல்லவா? ஒரே 22 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் ஓடும் இருவரில், வாரந்தோறும் 80 கிலோமீட்டர் ஓடிப் பயில்பவர் ஒருவர், 25 கிலோமீட்டர் மட்டுமே ஓடுபவர் மற்றொருவர் என்றால், மாரத்தானின் முப்பதாவது கிலோமீட்டருக்குப் பின் அவர்கள் இருவேறு மனிதர்கள். சூத்திரத்துக்கோ அவர்கள் ஒருவரே. மேற்சொன்ன ஆய்வாளர்கள், வாரத்தில் ஓடும் தூரத்தையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

சூத்திரத்துக்கு மற்றோர் எல்லையும் உண்டு; இதனை ரீகலே தெளிவாகக் கூறியிருக்கிறார். மூன்றரை நிமிடத்திலிருந்து 230 நிமிடம் வரை நீடிக்கும் முயற்சிகளுக்கே அவர் விதி பொருந்தும். 230 நிமிடம் என்பது 3 மணி 50 நிமிடம். இதனை 9.591ஆல் வகுத்தால் 24 நிமிடம் வருகிறது. ஆகவே 5 கிலோமீட்டர் ஓட 24 நிமிடத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு, மாரத்தான் கணக்கில் இச்சூத்திரம் தன் எல்லையைத் தாண்டியே பேசுகிறது. 30 நிமிடத்தில் ஓடுபவரிடம், 4 மணி 48 நிமிடத்தில் மாரத்தானை முடித்துவிடுவாய் என்று அது கூசாமல் சொல்லும். அவ்விடையை ஒரு நம்பிக்கையாக ஏற்கலாமே தவிர, கணக்கின் முடிவாக ஏற்கலாகாது.

இனி, சூத்திரத்துக்குள் நாம் இடும் எண்ணைப் பற்றி ஒரு சொல். எந்தப் பிழையை உள்ளே இட்டாலும் அது ஒன்பதரை மடங்காகி வெளியே வரும். 5 கிலோமீட்டர் நேரத்தில் 10 வினாடி பிழை என்றால், மாரத்தானில் 96 வினாடி. பந்தயத் தடம் சரியாக அளக்கப்படாமல் 4.9 கிலோமீட்டரே இருந்திருந்தால் என்ன ஆகும்? 22 நிமிடம் என்பது உண்மையில் 22 நிமிடம் 29 வினாடிக்குச் சமமாகிவிடும். மாரத்தான் நேரம் 3 மணி 35½ நிமிடத்துக்கு நகர்ந்துவிடும். நூறு மீட்டர் குறைவு நாலரை நிமிடப் பொய்யாக வளர்கிறது. இதனால்தான், சான்றளிக்கப்படும் தடங்களை அளப்பவர்கள் சக்கரச் சுழற்சியை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியில் சென்று அளப்பதோடு, ஆயிரத்துக்கு ஒரு பங்கு தூரத்தை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்க்கிறார்கள். 5 கிலோமீட்டர் தடத்தை 5005 மீட்டராக அமைப்பார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். நேரம் அண்மையில் ஓடியதாகவும், முழு முயற்சியோடு ஓடியதாகவும் இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. வெயிலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் 22 நிமிட ஓட்டம் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்; அதே வேளையில் தொடங்கும் மாரத்தான், சென்னை போன்ற ஊரில், நல்ல வெயிலில்தான் முடியும். சூத்திரத்தில் வெயிலுக்கு எழுத்து ஏதுமில்லை.

அப்படியானால் நம் மாணவர் என்ன செய்வது? உலகத்தாரின் சரிவை நம்புவதை விட்டுத் தம் சரிவைத் தாமே காண்பதுதான் வழி. அதற்கு இரண்டு பந்தயங்கள் வேண்டும். மாரத்தானுக்குச் சில வாரங்கள் முன்பாக அவர் ஓர் அரை மாரத்தான் ஓடட்டும். அதன் தூரம் 21.0975 கிலோமீட்டர். சூத்திரத்தின்படி அவர் 1 மணி 41 நிமிடத்தில் அதனை முடிக்க வேண்டும். அவரோ 1 மணி 46 நிமிடத்தில் முடித்தார் என்று கொள்வோம். இந்த ஐந்து நிமிடக் குறை அவரைப் பற்றி நமக்கு ஓர் உண்மையைச் சொல்கிறது.

கணக்கு இதோ. 1 மணி 46 நிமிடம் என்பது 6360 வினாடி. அதனை 1320ஆல் வகுத்தால் 4.818. தூரங்களை வகுத்தால் 4.2195. முன்னதன் மடக்கை 0.6829, பின்னதன் மடக்கை 0.6253. முதலாவதை இரண்டாவதால் வகுக்க 1.092 வருகிறது. இதுவே நம் மாணவரின் சொந்த அடுக்கெண். 1.06க்கும் இதற்கும் உள்ள இடைவெளி, அவருடைய பயிற்சியில் நெடுந்தூர ஓட்டம் குறைவு என்பதற்குச் சான்று. இப்புதிய எண்ணைக் கொண்டு மாரத்தானைக் கணக்கிட்டால் 3 மணி 46 நிமிடம். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 21 வினாடி.

5 கிலோமீட்டரை விட அரை மாரத்தான் ஏன் நம்பத்தக்க அடித்தளம் என்று கேட்பீர்கள். முன்பு நினைவில் இருத்தச் சொன்ன இரட்டிப்புகளை இப்போது எண்ணுங்கள். 5 கிலோமீட்டரிலிருந்து மாரத்தானுக்கு மூன்று இரட்டிப்புகளும் சற்று மேலும். அரை மாரத்தானிலிருந்து ஒரே ஓர் இரட்டிப்பு. ஒவ்வோர் இரட்டிப்பிலும் அடுக்கெண்ணின் பிழை ஒருமுறை புகுகிறது. ஆகவே 0.01 பிழை, 5 கிலோமீட்டரிலிருந்து கணக்கிடும்போது நாலரை நிமிடம். அரை மாரத்தானிலிருந்து கணக்கிடும்போது ஒன்றரை நிமிடம் மட்டுமே. ஆயினும் அரை மாரத்தானிலும் எரிபொருட் கிடங்கு முழுவதும் காலியாவதில்லை. எனவே 3 மணி 46 நிமிடம் என்பதையும் சாதகமான சூழ்நிலையில் கிட்டும் விடையாகவே நான் கொள்வேன். வாரத்துக்கு 25 கிலோமீட்டர் மட்டும் ஓடுபவர் என்றால் 4 மணியை நெருங்கினாலும் வியப்படைய மாட்டேன்.

5 நிமிடத்துக்கும் 5 நிமிடம் 21 வினாடிக்கும் இடையே 21 வினாடிதானே, அதற்கா இத்தனை ஆராய்ச்சி என்று தோன்றலாம். நம் மாணவர் முதல் விடையை நம்பி, கிலோமீட்டருக்கு 5 நிமிடமாகத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அது அவருக்கு மிக எளிதாகவே தோன்றும். 5 கிலோமீட்டர் பந்தயத்தில் ஓடிய வேகத்தை விட அது 36 வினாடி மெதுவானது அன்றோ? 20 கிலோமீட்டர் வரை எச்சரிக்கை ஏதும் கிடைக்காது. இங்கேதான் ஏமாற்றம். 30 கிலோமீட்டரைச் சரியாக 2 மணி 30 நிமிடத்தில் கடக்கிறார். அதன்பின் கிடங்கு காலியாகிறது. மூச்சு வாங்கவில்லை, இதயம் சீராகவே துடிக்கிறது, ஆனால் தொடைகள் கனக்கின்றன, கால்கள் சொன்னபடி கேட்பதில்லை. மூச்சு தடுமாறாமல் கால் மட்டும் தடுமாறுவதே எரிபொருள் தீர்ந்ததன் அடையாளம். எஞ்சிய 12.195 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 7 நிமிடமாக ஓடியும் நடந்தும் முடித்தால், அதற்கு மட்டும் 85 நிமிடம் ஆகும். மொத்தம் 3 மணி 55 நிமிடம். 5 நிமிடம் 21 வினாடியாகத் தொடங்கியிருந்தால் 3 மணி 46 நிமிடத்தில் முடித்திருப்பார். விரைந்து தொடங்கியதால் ஒன்பது நிமிடம் தாமதம்.

பந்தயம் முடிந்த பிறகும் ஒரு கணக்கு மிச்சமிருக்கிறது. முதற் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் ஆன நேரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், எடுத்த மாரத்தான் நேரம் உங்கள் திறமையின் உண்மையான அளவு. அதனையும் 5 கிலோமீட்டர் நேரத்தையும் கொண்டு உங்கள் அடுக்கெண்ணைத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாம் பாதி பல நிமிடம் நீண்டிருந்தால், அந்த மொத்த நேரத்திலிருந்து அடுக்கெண்ணைக் காணாதீர்கள். அது உங்கள் களைப்பின் விதியைக் காட்டாமல், தொடக்க வேகத்தில் நேர்ந்த தவறையே காட்டும். அப்போது அரை மாரத்தானிலிருந்து கண்ட பழைய எண்ணையே வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவ்வேகத்தில் தொடங்கிப் பாருங்கள். வாராந்தரப் பயிற்சித் தூரத்தைக் கூட்டிய பின் மீண்டும் 5 கிலோமீட்டரும் அரை மாரத்தானும் ஓடி எண்ணைக் கணக்கிட்டால், 5 கிலோமீட்டர் நேரம் மாறாதிருக்க, 1.092 என்பது 1.08ஆகவோ 1.07ஆகவோ இறங்கியிருப்பதைக் காணக்கூடும்.